உட்கார்ந்திருக்கும்போது 141: கடிகாரக் கடைக்கு எழுதும் புகார்க் கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

மாலைநடை (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியன். கடந்த பிப்ரவரி 6ஆம் தேதி, டர்பனில் உள்ள ஒரு கடையின் இணையதளத்தில் 2,799 ராண்ட் கொடுத்து, நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினேன். அது இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் மாதக் கடைசி வரையில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு, நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போதே 138 என்றும் 141 என்றும் காட்டத் தொடங்கியது. ஒரு நாள் இரவு தூக்கத்தில் 205 என்று பதிவாகியிருந்தது. கடற்கரை நடைபாதையில் வேகமாக நடக்கும்போது, மேடானாலும் சமதரையானாலும் 120ஐ ஒட்டியே நிற்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் உடனே சரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றி மேசைமேல் வைத்தபோது 84 என்று காட்டியது.

கடையிலிருந்து வந்த பதில் இதுதான்: "இது உடல்நலத் துணைக் கருவியே தவிர மருத்துவக் கருவி அன்று, இறுக்கமாக அணியுங்கள், வேண்டுமானால் பழுதுபார்க்க அனுப்புங்கள், 21 வேலைநாள் ஆகும்."

நான் எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி கீழே உள்ளது. இதில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

"ஐயா, தாங்கள் விற்ற கடிகாரத்தின்படி என் வீட்டு மேசைக்கும் இதயம் துடிக்கிறது. மனிதனுக்குச் சாத்தியமே இல்லாத அளவுகளைக் காட்டும் இந்தப் பொருளை விற்றுவிட்டுப் பழுதுபார்க்க அனுப்பச் சொல்வது அநியாயம். ஆகவே மாற்றுக் கடிகாரமோ, பணமோ, அல்லது தாங்கள் தகுந்தது என்று கருதும் வேறு தீர்வோ உடனடியாக வழங்கவேண்டும். இல்லையேல் சட்ட நடவடிக்கை எடுப்பேன்."

கணக்குப்புலி

வணக்கம் ஐயா. மேசை வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் உங்களிடம் உள்ள பலமான சான்றை நீங்கள் எழுதவே இல்லை. ஒருவருடைய உச்ச நாடித்துடிப்பு 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண். உங்களுக்கு அது 159. அதற்கு மேல் உங்கள் இதயம் துடிக்கவே முடியாது. 205 என்று காட்டிய கடிகாரம் பொய் சொல்கிறது என்பதற்குக் கணக்கே சாட்சி. இந்த ஒரு வரியை எழுதினால் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது.

பட்டறைவாசி

கணக்குப்புலித் தம்பி, அந்த வரியை எழுதினால் கடைக்காரர் எளிதாகப் பதில் சொல்லிவிடுவார். 220இலிருந்து வயதைக் கழிப்பது பலருக்கும் பொதுவான ஒரு சராசரி மட்டுமே. அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாகவோ குறைவாகவோ உச்சம் உள்ளவர்கள் ஏராளம். அதுவும் உழைப்பால் வரும் உச்சத்துக்கான கணக்கு. இதயத் தாளம் கெட்டால் உட்கார்ந்திருப்பவருக்கும் திடீரென்று 180, 200 வரை போகலாம். ஆகவே 205ஐச் சாத்தியமற்ற எண் என்று சொல்லிவிட முடியாது. அந்த நேரத்தில் ஐயாவின் கையில் உண்மையான நாடி என்னவாக இருந்தது என்பது தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தூங்கிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தெரியாது.

மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் இன்னும் இரண்டு சொல்கிறேன். மேசைமேல் காட்டிய 84ஐ நீக்கிவிடுங்கள். இந்தக் கடிகாரங்கள் பச்சை விளக்கைத் தோலுக்குள் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளி ஏறி இறங்குவதை எண்ணுகின்றன. இரத்தம் பாயும்போது ஒளி அதிகம் உறிஞ்சப்படுகிறது, வடியும்போது குறைகிறது. எதிரில் தோல் இல்லாவிட்டாலும் எங்கிருந்தோ வரும் சிறு ஏற்ற இறக்கத்தை நாடி என்று எண்ணிக்கொள்வது நல்ல கடிகாரங்களிலும் நடக்கும். துணிச்சுருளில் கட்டினாலும் சில நேரம் எண் வரும். கடைக்காரர் தம்மிடமுள்ள புதுக் கடிகாரத்தை மேசையில் வைத்து அதே எண்ணைக் காட்டிவிட்டால் உங்கள் கடிதம் அங்கேயே முடிந்தது.

நடக்கும்போது 120இல் நிற்பதும் அப்படியே. வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி வைப்பார். கை வீசும் ஆட்டத்தை நாடி என்று பிழையாகப் பற்றிக்கொள்வது மணிக்கட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம். நீங்கள் நின்றதும் எண் சரிவதே அதற்கு அடையாளம். உண்மையான நாடி அவ்வளவு விரைவாக இறங்காது. அது இந்த ஒரு கடிகாரத்தின் பழுது ஆகாது.

மிஞ்சுவது நாற்காலியில் காட்டிய 138உம் 141உம் மட்டுமே. உங்கள் முழு வழக்கும் அங்கேதான் இருக்கிறது.

லெனேசியாக்காரி

அண்ணா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு எனக்கும் இப்படித்தான் உட்கார்ந்த இடத்தில் 140 காட்டியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே ஒரு மாதத்தைக் கடத்தினேன். பிறகு மகள் கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி ஒழுங்கில்லாமல் தாவித் தாவி ஓடியது. இதயச் சுருள்படம் எடுத்துப் பார்த்து, இதயத்தின் மேலறைத் துடிப்பு சீர்கெட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். இன்று வரை இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கடிதம் எழுதுவதற்கு முன் தயவுசெய்து உங்கள் நாடியைப் பாருங்கள்.

பட்டறைவாசி

அம்மா சொன்னதுதான் முதல் வேலை. மாலைநடை ஐயா, அந்தச் சோதனையே கடிதத்துக்கும் சான்றாகிவிடும். செய்யவேண்டிய முறையைச் சொல்கிறேன். ஐந்து நாள், ஒரே நேரத்தில், தேநீர் குடிப்பதற்கு முன், முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கடிகாரத்தை இடக்கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள். வலக்கை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து வீட்டார் ஒருவர் முழு 60 வினாடி எண்ணட்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கவேண்டாம். கட்டைவிரலால் தொட்டு எண்ணவேண்டாம், எண்ணுபவரின் நாடியே தட்டுப்படும். எண்ணத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் எழுதுங்கள். வீட்டில் மேல்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் அதில் வரும் நாடி எண்ணும் உதவும். ஆனால் கையால் எண்ணி முடித்த பிறகே அதன் பட்டையை வலக்கையில் கட்டுங்கள். கடிகாரம் இருக்கும் கையிலேயே கட்டினால் பட்டை இறுகும்போது கடிகாரத்துக்கு நாடியே கிடைக்காது.

உம்லாசிக் கரை

ஐயா வாங்கி நான்கு மாதம் ஆகிவிட்டதே! இணையத்தில் வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பிவிடவேண்டும் என்பதுதானே சட்டம்? காலம் கடந்த பிறகு கடிதம் எழுதி என்ன பயன்?

முகப்புமேசை

உம்லாசிக் கரை அண்ணே, அது வேறு, இது வேறு. நீங்கள் சொல்லும் ஏழு நாள், காரணமே சொல்லாமல் மனம் மாறித் திருப்புவதற்கான உரிமை. ஐயா மனம் மாறவில்லை. பொருள் கெட்டிருக்கிறது என்கிறார். அதற்கு 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56ஆம் பிரிவு இருக்கிறது. பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது நல்ல முறையில் இயங்காமல் போனால், விற்றவருடைய செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுதுபார்த்தல், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை வாங்கியவருடையது, கடையினுடையது அன்று. ஐயாவுக்கு ஆகஸ்ட் தொடக்கம் வரை காலம் இருக்கிறது.

நான் ஒரு பெரிய கடையில் திருப்பிப் பெறும் மேசையில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தவள். கடையின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் எங்களுக்குப் பிடித்த வரி, "தாங்கள் தகுந்தது என்று கருதும் வேறு தீர்வோ" என்பதுதான். அந்த ஆறு சொல்லில் ஐயா தம் உரிமையைத் தாமே எங்கள் கையில் கொடுத்துவிட்டார். உடனே நாங்கள் பழுதுபார்ப்புச் சீட்டை நீட்டுவோம். அதில் கையெழுத்திட்டால் பழுதுபார்த்தலைத் தேர்ந்ததாக ஆகிவிடும். அதன் பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறையோ வேறு குறையோ வந்தால் மாற்றோ பணமோ கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனாலும் இடையில் கடிகாரம் இல்லாமல் எத்தனை வாரம் போகும்?

கடை பொருளைச் சோதித்துப் பார்க்கக் கேட்பது நியாயமே, அதை மறுக்காதீர்கள். சீட்டில் "சோதனைக்கு மட்டும், பழுதுபார்க்க ஒப்புதல் இல்லை" என்று உங்கள் கையால் எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்புலி

220 கணக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இந்தப் பச்சை விளக்கு சரியாக வேலை செய்யாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது எல்லாக் கடிகாரத்திலும் உள்ள குறைதானே?

பட்டறைவாசி

தோலின் கருமை பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. ஆகவே திரும்பி வரும் ஒளி குறையும். அதனால் எண்ணிக்கை எவ்வளவு பிழைபடுகிறது என்பதில் சோதித்தவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. நான் அதில் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஐயாவின் தோல் பிப்ரவரியிலும் இதே தோல்தான், அப்போது கடிகாரம் சரியாக இருந்தது என்பது மட்டும் இங்கே போதும்.

மாலைநடை

ஐந்து நாள் சோதனையை முடித்துவிட்டேன். என் மனைவி எண்ணினாள். சுவர்க்கடிகாரம் மைத்துனர் வீட்டிலிருந்து வந்தது, எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் வினாடி முள் இல்லை. முதல் நாள் கையால் எண்ணியது 66, அழுத்தக் கருவி 67, கைக்கடிகாரம் 68. இரண்டாம் நாள் 70, 70, 141. மூன்றாம் நாள் 67, 68, 134. நான்காம் நாள் 68, 68, 69. ஐந்தாம் நாள் 71, 70, 143. துடிப்பு ஐந்து நாளும் சீராகவே இருந்தது என்று மனைவி எழுதியிருக்கிறாள். இருந்தாலும் லெனேசியாத் தங்கையின் சொல்லைத் தட்டாமல் மருத்துவரிடமும் போனேன். இதயச் சுருள்படம் எடுத்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்றார்.

பட்டறைவாசி

மருத்துவரைப் பார்த்தது நல்லது. உங்கள் எண்களில் ஒன்றைக் கவனித்தீர்களா? கெட்ட நாள்கள் மூன்றிலும் கடிகாரம் காட்டியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 70க்கு 141, 67க்கு 134, 71க்கு 143. ஒவ்வொரு துடிப்பிலும் பெரிய அலை ஒன்றும், அதன் பின்னால் சிறிய அலை ஒன்றும் உண்டு. ஒளிக் குறிப்பு பலவீனமாகும்போது பெரிய அலை சிறுத்துவிடுவதால், கடிகாரம் சின்ன அலையையும் தனித் துடிப்பாக எண்ணிவிடுகிறது என்று ஊகிக்கிறேன். ஆனால் பலவீனம் ஏன் வந்தது? கண்ணாடியைத் துடைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, மறு கையிலும் கட்டிப் பாருங்கள். அதே வகைக் கடிகாரம் வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால், இரண்டையும் இரண்டு கையில் ஒரே நேரத்தில் கட்டுங்கள். இருட்டறையில் அடிப்பகுதியையும் பாருங்கள்.

மாலைநடை

எல்லாம் செய்தாயிற்று. மைத்துனரிடம் அதே வகைக் கடிகாரம் இருந்தது. என் வலக்கையில் அவருடையது 69 காட்டிய அதே நிமிடத்தில், இடக்கையில் என்னுடையது 139 காட்டியது. கைகளை மாற்றிக் கட்டினேன். பிழை என் கடிகாரத்தோடே மறு கைக்குப் போயிற்று. இருட்டறையில் பார்த்தால், மைத்துனருடையதில் இரண்டு பச்சை விளக்குகளும் ஒரே அளவில் எரிகின்றன. என்னுடையதில் ஒன்று மங்கலாக எரிகிறது, சில நேரம் எரிவதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். நான்கு மாதம் கட்டியிருந்தும் ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்!

பட்டறைவாசி

காரணம் அந்த விளக்காகத்தான் இருக்கவேண்டும். ஆனாலும் கடிதத்தில் "விளக்குப் பழுதானதால் பிழை வருகிறது" என்று எழுதாதீர்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். காரணத்தை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொன்ன காரணம் தவறு என்று அவர்கள் காட்டினால், சரியான புகாரும் அதோடு விழுந்துவிடும்.

மாலைநடை

உங்கள் அனைவரின் சொல்லையும் வைத்துத் திருத்திய கடிதம் இதோ.

"கடை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். பிப்ரவரி 6ஆம் தேதி தங்கள் இணையதளத்தில் 2,799 ராண்டுக்கு வாங்கி, பிப்ரவரி 8ஆம் தேதி என் கைக்கு வந்த கைக்கடிகாரத்தைப் பற்றியது இக்கடிதம். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

ஏப்ரல் மாத இறுதியிலிருந்து இக்கடிகாரம், நான் அசையாமல் அமர்ந்திருக்கும்போதும், என் உண்மையான நாடித்துடிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை அடிக்கடி காட்டுகிறது. ஐந்து நாள் காலையில் கையால் எண்ணிய துடிப்பு, மேல்கை இரத்த அழுத்தக் கருவி காட்டிய துடிப்பு, கடிகாரம் காட்டிய துடிப்பு ஆகிய மூன்றையும் இணைப்பில் தந்துள்ளேன். ஐந்தில் மூன்று நாள் கடிகாரம் மட்டும் வேறுபட்டது. தங்கள் அறிவுரைப்படி இறுக்கமாக அணிந்தும், மென்பொருளைப் புதுப்பித்தும், கையை மாற்றியும் பிழை நீங்கவில்லை. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு கடிகாரத்தை அதே நேரத்தில் என் மறு கையில் அணிந்தபோது அது 69 காட்டியது. தாங்கள் விற்றது 139 காட்டியது. கைகளை மாற்றியபோதும் பிழை தங்கள் கடிகாரத்திலேயே இருந்தது. இரண்டின் அடிப்பகுதியையும் இருட்டில் எடுத்த படத்தை இணைத்துள்ளேன்.

இது மருத்துவக் கருவி அன்று என்பதை ஏற்கிறேன். நான் இதைக் கொண்டு நோயைக் கண்டறிய முயலவில்லை. நாடித்துடிப்பைக் காட்டும் என்று தங்கள் விளம்பரமே சொல்லும் பொருள், அமர்ந்திருப்பவரின் துடிப்பைக் காட்டத் தவறுகிறது என்பதே என் முறையீடு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பழுதுபார்த்தலை அன்று, அதே வகையில் மாற்றுக் கடிகாரத்தையே நான் தேர்கிறேன். இக்கடிதம் கிடைத்த பத்து வேலைநாளுக்குள் அது இயலாவிட்டால், செலுத்திய 2,799 ராண்டையும் வங்கிக் கணக்கில் திருப்பித் தரவேண்டும். கடிகாரத்தைத் தங்கள் செலவில் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

முகப்புமேசை

இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால், மேலாளரிடம் நேராக எடுத்துச் சென்றிருப்பேன். மிரட்டல் வரியை நீக்கியதும் நல்லது. அவர்கள் மறுத்தால் நுகர்பொருள், சேவைகளுக்கான குறைகேள் நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இந்தத் தொகைக்குச் சிறுவழக்கு நீதிமன்றமும் உண்டு, அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அதையெல்லாம் முதல் கடிதத்தில் சொல்லவேண்டியதில்லை.

மாலைநடை

ஏழாம் வேலைநாளில் பதில் வந்தது. அந்த வகை இப்போது கையிருப்பில் இல்லையாம். 2,799 ராண்டுக்குக் கடையிலேயே வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டுத் தருகிறார்களாம். மேலும், பெட்டி இல்லாததால் 15 விழுக்காடு பிடித்துக்கொள்வார்களாம். பெட்டியைப் பேரன் கிழித்துவிட்டது உண்மைதான்.

முகப்புமேசை

இரண்டும் செல்லாது ஐயா. 56ஆம் பிரிவு சொல்வது செலுத்திய விலையைத் திருப்புவது. சீட்டு என்பது நீங்களாக விரும்பி ஏற்றால் மட்டுமே. பழுதான பொருளைத் திருப்புவதற்கு அபராதம் கிடையாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே பெட்டிக்காகப் பிடித்தம் இல்லை. நல்ல பொருளை மனம் மாறித் திருப்புபவர்களுக்கான விதியை உங்களுக்குப் பொருத்துகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்வோம், பத்தில் எட்டுப் பேர் பேசாமல் போய்விடுவார்கள். இரண்டு வரியில் பதில் எழுதுங்கள், நீளம் வேண்டாம்.

உம்லாசிக் கரை

பெட்டி இல்லாமல் எந்தக் கடைக்காரன் எடுத்துக்கொள்வான்? என் அனுபவத்தில் ஒருவனும் எடுத்ததில்லை.

மாலைநடை

இந்தக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார் தம்பி. இரண்டு வரி எழுதினேன்; மறுநாள் தொலைபேசியில் அழைத்து, முழுத் தொகையையும் வங்கியில் போடுவதாகச் சொன்னார்கள். நாளைக் காலையில் கடிகாரத்தை எடுத்துச்செல்ல ஆள் வருகிறார். என் விவரங்களை அழித்துவிட்டுக் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். அழிக்கலாமா?

பட்டறைவாசி

அழிக்கலாம், ஆனால் அதற்கு முன் செயலியில் உள்ள ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நாடிப் பதிவுகள் தெரியும் திரையைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறும் வரை அது உங்கள் கையில் இருக்கட்டும். கடிகாரத்தின் தொடர் எண்ணையும் படம் எடுங்கள், ஆள் வந்து கையெழுத்திடும் சீட்டில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

லெனேசியாக்காரி

அடுத்து வாங்கும் கடிகாரத்தை வாங்கிய அன்றே இருட்டறையில் திருப்பிப் பாருங்கள் அண்ணா. நானும் இப்போதுதான் என்னுடையதைப் பார்த்தேன். இரண்டும் எரிகின்றன.